களைத்து வரும் வணிகப் பயணிக்கு ரூம் சர்வீஸ் அட்டை எழுதுவது எப்படி: நேரம் முதலில், விவரம் அடுத்து

சென்னையில் பாரிமுனை, மண்ணடி, சௌகார்பேட்டை, ராயபுரம் பக்கத்து நடுத்தர விடுதிகளில் தங்குபவர்களில் பெரும்பாலோர் வேலையாக வந்தவர்கள். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்க வந்தவர், மணலியிலோ எண்ணூரிலோ ஆலையில் இயந்திரம் பார்க்க வந்தவர், மொத்தக் கொள்முதலுக்கு வந்த வியாபாரி என்று ஆள் வேறுபட்டாலும், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து வந்து இரவு ஒன்பதரைக்கு அறைக்கதவைத் திறக்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருப்பார்கள். கீழே இறங்கிப் போய்ச் சாப்பிடத் தெம்பு இருக்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேசை மேல் கிடக்கும் அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த அட்டையை எழுதும் பொறுப்பு, பெரும்பாலும் ரிசப்ஷனிலோ உணவகத்திலோ புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம்தான் வந்து சேருகிறது. இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்பட்டது.

அட்டையைக் கையில் எடுப்பவர் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்: எவ்வளவு நேரத்தில் வரும், வயிறு நிறையுமா, இந்த நேரத்தில் சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் பக்கத்து மேசையைப் பார்த்தோ சப்ளையரிடம் கேட்டோ முடிவெடுத்துவிடுவார். அறைக்குள் இருப்பவருக்கு அட்டையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே கீழே உணவகத்தில் உள்ள பட்டியலை அப்படியே அச்சடித்து அறையில் வைப்பது வேலைக்கு ஆகாது. தனியாகத்தான் எழுத வேண்டும். எழுதும்போது நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரத்தை அளப்பது

சமையலறையில் போய், "சப்பாத்தி குருமாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும், மாஸ்டர்?" என்று கேட்டால், "பத்துப் பன்னிரண்டு நிமிஷம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அடுப்படியில் ஆகும் நேரத்தைச் சொல்கிறார். ஆனால் விருந்தினரின் கடிகாரம் அவர் தொலைபேசியை எடுத்த நொடியில் ஓடத் தொடங்கி, கதவு தட்டப்படும்போதுதான் நிற்கிறது. அட்டையில் வர வேண்டியது இந்த இரண்டாவது நேரம்.

இதை அளக்க ஒரு நோட்டும் நான்கு கட்டங்களும் போதும். தொலைபேசி ஒலித்த நேரத்தை ரிசப்ஷனில் இருப்பவர் குறிக்க வேண்டும். சீட்டு சமையலறைக்குப் போன நேரத்தையும் தட்டு தயாராகித் தூக்கப்பட்ட நேரத்தையும் சமையலறையில் குறிக்க வேண்டும். கதவைத் தட்டிய நேரத்தைக் கொண்டு போகும் சப்ளையர் குறிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கு மாடியும் ஒரே லிஃப்டும் உள்ள விடுதியில் இரவு 10.05க்கு அழைப்பு வருகிறது. அறை எண்ணைக் கேட்டு, காரம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, சீட்டு எழுதிச் சமையலறைக்குப் போகும்போது 10.08. மாஸ்டர் சப்பாத்தி தேய்த்துச் சுட்டு, குருமாவைச் சூடுபடுத்தித் தட்டில் வைக்கும்போது 10.21. தண்ணீர், ஸ்பூன், துடைப்புத் தாள் எல்லாம் சரிபார்த்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, நான்காவது மாடியின் கடைசி அறையைத் தட்டும்போது 10.27. சமையலறைக்கு 13 நிமிடம். விருந்தினருக்கு 22 நிமிடம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, சமையலுக்கு வெளியே போகும் 9 நிமிடம். என்ன உணவானாலும் அது ஏறக்குறைய மாறாது. ஆகவே 15 நிமிடத்தில் வரும் என்று அட்டையில் எழுத வேண்டுமானால், அந்த உணவு சமையலறையில் 6 நிமிடத்துக்குள் தட்டுக்கு வர வேண்டும். வெந்த சோறும் தயிரும் தயாராக இருக்கும் தயிர் சாதம் அந்தக் கணக்கில் அடங்கும். ஆவியில் வேகவே பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் இட்லி அடங்காது. இதைப் பார்க்காமல் எளிய உணவு என்ற ஒரே காரணத்துக்காக இட்லிக்கு 15 நிமிடம் என்று போட்டுவிடுகிறார்கள். புகார்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒரே ஒரு முறை அளந்ததை வைத்து எழுதிவிடக் கூடாது. ஒரு வாரம் நோட்டை நடத்தினால், அதிகம் கேட்கப்படும் உணவுகளுக்குத் தலா பத்துப் பதிவாவது கிடைத்துவிடும். சப்பாத்தி குருமாவுக்குப் பத்து இரவு ஆர்டர்களின் நேரம், சிறியதிலிருந்து பெரியதாக, இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 19, 20, 21, 21, 22, 22, 23, 24, 26, 38. சராசரி 24 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரியைப் பார்த்து 25 என்று அச்சடித்தால் பத்துப் பேரில் இருவருக்குத் தாமதமாகும். விற்பனைக்கு நன்றாக இருக்குமே என்று 20 என்று அச்சடித்தால் எட்டுப் பேருக்குத் தாமதமாகும். பத்தில் ஒன்பதாவதாக நிற்கும் 26ஐ எடுத்து, அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தி, 30 என்று எழுதுவதே சரி. மிஞ்சும் அந்த ஒரு 38க்கு ஏதோ காரணம் இருக்கும்: ஒரே நேரத்தில் மூன்று அறைகளிலிருந்து அழைப்பு வந்திருக்கும், அல்லது மாவு தீர்ந்து புதிதாகப் பிசைந்திருப்பார்கள். அதை அட்டையால் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட இரவில் அறைக்குத் தொலைபேசி செய்து, "இன்னும் பத்து நிமிடம் ஆகும் சார்" என்று முன்கூட்டியே சொல்வதுதான் வழி.

வம்பு வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் 45 நிமிடம் போட்டுவிடுவதும் தவறு. நாள் முழுக்க வெயிலிலும் தூசியிலும் அலைந்து வந்தவர், முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று குளிக்கப் போய்விடுவார். சாப்பாடு 22 நிமிடத்தில் வந்து கதவு தட்டப்படும்போது அவர் தலையில் சோப்பு நுரையோடு நிற்பார். தட்டு வெளியே ஆறிப் போகும், அல்லது கீழே திரும்பிப் போகும். முன்னதாக வருவதும் ஒருவகைத் தாமதம்தான்.

இரவு எட்டு முதல் பத்து மணி வரை உணவகத்திலும் கூட்டம் இருக்கும். அந்த நேரத்துப் பதிவுகளையும் பத்து மணிக்குப் பிந்தைய பதிவுகளையும் கலக்காமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அட்டையில் இரண்டு நேரத்தையும் போடலாம். குறைவாக இருந்தால் பெரியதை மட்டும் போட்டால் போதும்.

தட்டு போகும் வழியைத் தாங்குமா?

விவரம் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எந்த உணவை அட்டையில் சேர்க்க நினைக்கிறீர்களோ அதை வழக்கம்போல் மூடித் தட்டில் வைத்து, மிகத் தொலைவில் உள்ள அறைக்கு நீங்களே கொண்டு போங்கள். வாசலில் மூன்று நிமிடம் காத்திருந்து, பிறகு மூடியைத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். கல்லிலிருந்து எடுத்தபோது மொறுமொறுப்பாக இருந்த தோசை, தன் ஆவியிலேயே நனைந்து, விரலால் தூக்கினால் துணிபோல் தொங்கும். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்பதைக் காணலாம். பஜ்ஜிக்கும் வறுவலுக்கும் இதே கதிதான். பரோட்டாவோ ஆறியதும் இழுபட ஆரம்பித்துவிடும். வெண்பொங்கல் இறுகிவிடும், அறைக்குப் போவதைக் கொஞ்சம் தளர்வாகக் கிண்டிவிட்டால் சரியாக இருக்கும்.

சாதா தோசையை அட்டையிலிருந்து எடுத்துவிடச் சொன்னால் முதலாளிகள் தயங்குவார்கள். நான் எடுத்துவிடவே சொல்வேன். அதற்குப் பதிலாக ஊத்தப்பத்தைப் போடலாம். அது மென்மையாகவே சாப்பிடப்படுவதால் ஆவியால் கெடுவதில்லை. இட்லி, சப்பாத்தி, கொத்து பரோட்டா, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஆம்லெட், ஃபிளாஸ்க்கில் ஊற்றிய மிளகு ரசம் ஆகியவை நன்றாகப் பயணம் செய்யும். தோசை இருந்தே ஆக வேண்டும் என்றால், மூடியில் காற்றுத்துளை வைத்து, அடியில் தாள் விரித்து, சட்னி சாம்பாரைத் தனிக் கிண்ணங்களில் கொடுத்து, மீண்டும் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

விவரத்தை எழுதுவது

ஒவ்வொரு உணவுக்கும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு வரியில் என்ன வருகிறது, எத்தனை வருகிறது, கூட என்ன வருகிறது, காரம் எவ்வளவு, ஒவ்வாமை உள்ளவர் அறிய வேண்டிய பொருள் எது என்ற ஐந்தும் இருந்தால் போதும். பொதுவாக விடுதி அட்டைகளில் காணப்படும் விவரம் இப்படி இருக்கும்:

"சப்பாத்தி குருமா: பாரம்பரிய முறையில் அன்போடு தயாரிக்கப்பட்ட, நாவூறும் நறுமணக் குருமாவுடன் மென்மையான சப்பாத்தி."

இதைப் படித்தவருக்கு எத்தனை சப்பாத்தி என்று தெரியவில்லை. ஒன்று வாங்கினால் போதுமா, இரண்டு வாங்க வேண்டுமா என்று கேட்க மறுபடியும் தொலைபேசியை எடுக்க வேண்டும். இதே இடத்தில் இப்படி எழுதலாம்:

"சப்பாத்தி குருமா. 3 சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய்கறிக் குருமா, நறுக்கிய வெங்காயம். காரம் குறைவு. முந்திரி, தேங்காய் சேர்ந்தது. 30 நிமிடம்."

முந்திரி கண்ணுக்குத் தெரியாமல் அரைத்து ஊற்றப்படுகிறது என்பதால்தான் அதை எழுத வேண்டியிருக்கிறது. வேர்க்கடலை, எள், பால், முட்டை, கோதுமை, மீன், இறால் ஆகியவையும் இப்படி மறைந்து வரக்கூடியவை. எதில் என்ன சேர்கிறது என்பதை மாஸ்டர் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டு எழுதிவிடாமல், அவர் சமைக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்து எழுதுவது நல்லது. சட்னியில் பொட்டுக்கடலை தீர்ந்த அன்று வேர்க்கடலை போடும் வழக்கம் சில சமையலறைகளில் உண்டு. கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பதில்லை, அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றாது.

காரத்துக்கு மிளகாய்ப் படங்களைவிட "காரம் இல்லை", "காரம் குறைவு", "நல்ல காரம்" என்ற மூன்று சொற்றொடர்கள் தெளிவானவை. ஆறு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு வயிறு கலங்கியிருப்பவர் முதலில் தேடுவது "காரம் இல்லை" என்பதைத்தான். அளவைச் சொல்லும்போது, எண்ண முடியாத உணவுக்கு "ஒருவருக்குப் போதும்", "இருவர் பகிரலாம்" என்று எழுதலாம். இன்னும் ஓர் எடுத்துக்காட்டு:

"மிளகு ரசம் சாதம். ஃபிளாஸ்க்கில் சூடான ரசம், ஒருவருக்குப் போதுமான சோறு, 2 அப்பளம். மிளகுக் காரம் மட்டும். 15 நிமிடம்."

வாக்கியங்கள் இப்படிச் சிறியவையாக இருந்தால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி எழுதும்போது பொருள் சிதையாது. இப்பகுதிக்கு வருபவர்களில் பலர் குஜராத், ராஜஸ்தான், ஆந்திரத்திலிருந்து வருகிறார்கள் என்பதால் மூன்று மொழிகளும் ஒரே அட்டையில் தேவைப்படுகின்றன. அடைமொழிகளை நீக்கினால்தான் அதற்கு இடமும் கிடைக்கும்.

இப்பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்கள்

சௌகார்பேட்டைக்கு வரும் வியாபாரிகளில் ஜைனர்கள் கணிசமானவர்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் போன்று மண்ணுக்கடியில் விளைபவற்றை அவர்களில் பலர் உண்பதில்லை. சூரியன் மறைந்த பிறகு உண்ணாதவர்களும் பலர். அட்டையின் தயாரிப்பு நேரம் யாரையும்விட இவர்களுக்கு முக்கியமானது. சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் அது 6.40 வரை போகிறது. மாலை நான்கு முதல் ஆறு மணி வரை பல சமையலறைகளில் டிபன் வேலையும் இரவுக்கான முன்தயாரிப்பும் நடக்கும். சாப்பாடு எதுவும் தயாராக இருக்காது. எனவே இவர்களுக்கான உணவுகளுக்கு மாலை நேரப் பதிவுகளைத் தனியாக எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் 40 நிமிடம் ஆகிறது என்றால், சாப்பிட்டு முடிக்க 20 நிமிடத்தையும் சேர்த்து, "ஜைன உணவு: குளிர்காலத்தில் மாலை 4.30க்குள், ஜூன், ஜூலையில் 5.30க்குள் சொல்லவும்" என்று கடைசி நேரத்தையே அட்டையில் எழுதிவிடலாம். வெங்காயம் போட்ட குருமாவிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது ஜைன உணவு ஆகாது. தனிப் பாத்திரத்தில் தனியாகச் செய்ய முடிந்தால் மட்டுமே அந்தச் சொல்லை அச்சடிக்க வேண்டும். ஹலால் என்ற சொல்லுக்கும் இதே நேர்மை வேண்டும்: இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம், முஸ்லிம்கள் அதிகம் வாழும் மண்ணடியில் இருக்கிறோம் என்பதால் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, மீன். காசிமேடு பக்கத்தில் இருப்பதால் வஞ்சிரம் வறுவலைப் பெயரோடு அச்சடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பெரிய மீன்களின் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். மற்ற மாதங்களிலும் காற்று கடுமையான நாள்களில் இதே நிலைதான். ஆகவே "இன்றைய மீன்" என்று ஓர் இடத்தை மட்டும் அச்சடித்து, மீன் வகையையும் விலையையும் ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளச் சொல்வது நல்லது. வறுவலைக் காட்டிலும் மீன் குழம்பு அறைக்கு ஏற்றது. மூடி வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. முள் அதிகம் உள்ள மீன் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். கண் சொருகும் நேரத்தில் முள் எடுத்துச் சாப்பிட எல்லோராலும் முடியாது.

அட்டையில் எது எங்கே

சூப், டிபன், சாதம், இனிப்பு என்று பிரிப்பது உணவகத்துக்குச் சரி. அறை அட்டையை நேரத்தை வைத்துப் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன்: "15 நிமிடத்தில்", "30 நிமிடத்தில்", "45 நிமிடத்தில்" என்று மூன்று தலைப்புகள். சோர்ந்து வந்தவர் முதல் தலைப்பைப் பார்த்தவுடனேயே பாதி முடிவை எடுத்துவிடுவார். குளித்துவிட்டு நிதானமாகச் சாப்பிட நினைப்பவர் நேராக மூன்றாவதுக்குப் போவார். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஆறேழு உணவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இரவு 11க்குப் பிறகு ஒரே ஒரு மாஸ்டர்தான் இருக்கிறார் என்றால், அவர் தனியாகச் செய்யக்கூடிய ஐந்தாறு உணவுகளை மட்டும் அட்டையின் பின்பக்கத்தில் "இரவு 11 முதல் காலை 6 வரை" என்று தனியாகப் போட வேண்டும். முன்பக்கப் பட்டியலைப் பார்த்துக் கேட்டு, "அது இப்போது இல்லை சார்" என்ற பதிலை இரண்டு முறை கேட்டவர் மூன்றாவது முறை கேட்காமல் பட்டினியாகப் படுத்துவிடுவார்.

சைவ, அசைவக் குறிகளை வழக்கப்படியே போட வேண்டும்: சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவத்துக்கு, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவத்துக்கு. பழைய அட்டையைப் பார்த்து வரைந்தால் அசைவத்துக்கும் வட்டமே வந்துவிடும். கட்டில் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரிவதால், வடிவத்தில்தான் வேறுபாடு தெரிய வேண்டும். அதே விளக்கின் கீழ் அமர்ந்து, கண்ணாடி போடும் வயதுள்ள ஒருவரிடம் அச்சு மாதிரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி எழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள். விலைக்கு மேல் வரி உண்டா, விலையிலேயே அடங்கியதா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதால், அட்டையில் அதைக் கட்டாயம்போல எழுதக் கூடாது. ரூம் சர்வீஸின் இன்டர்காம் எண் இரண்டு பக்கத்திலும் பெரிதாக இருக்க வேண்டும்.

அச்சடித்த பிறகு

தொலைபேசியை எடுப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. அட்டையில் 30 நிமிடம் என்று இருந்தாலும், ஆர்டர் எடுக்கும்போது கடிகார நேரமாகவே சொல்லப் பழக்க வேண்டும்: "பத்து முப்பத்தைந்துக்கு வந்துவிடும் சார்." சமையலறைச் சீட்டிலும் அந்த நேரத்தையே எழுதினால், மாஸ்டருக்கும் கொண்டு போகும் சப்ளையருக்கும் ஒரே இலக்கு இருக்கும்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சடித்து, சில அறைகளில் மட்டும் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம். நான்கு கட்ட நோட்டு அப்போதும் நடக்க வேண்டும். அழைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். "எத்தனை இட்லி?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தால், இட்லியின் விவரத்தில் எண்ணிக்கை விடுபட்டிருக்கிறது அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. "சாம்பாரில் வெங்காயம் இருக்கிறதா?" என்று கேட்டால் அந்த வரியையும் சேர்க்க வேண்டும். அழைப்பே வராத உணவு இருந்தால், தலைப்பு மாற்றிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

கெட்டி அட்டையாக அச்சடிக்கும்போது கீழ் ஓரத்தில் மாதத்தையும் ஆண்டையும் சிறியதாகப் போடுங்கள். மாஸ்டர் மாறினால், லிஃப்ட் பழுதாகித் தட்டுகள் படியேறிப் போக நேர்ந்தால், சமையலறையில் ஓர் அடுப்பு குறைந்தால், நேரங்களும் மாறும். அப்போது அந்த வாரமே பத்துப் பதிவுகளை மறுபடியும் எடுத்து, மாறிய உணவுகளை வேறு தலைப்புக்குக் கொண்டு போய்ப் புதிய அட்டை அச்சடிக்க வேண்டும். பழைய அட்டைகளை எல்லா அறைகளிலிருந்தும் எண்ணி எடுங்கள். மேசை இழுப்பறையில் தங்கிவிடும் ஒன்றைப் பார்த்துத்தான் யாராவது இரவு பதினொன்றரைக்குத் தோசை கேட்பார்.